பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரு பராமரிப்பு நாட்காட்டி

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றைப் பழுது நேரும் முன்பே காத்துக்கொள்ள ஓராண்டு நாட்காட்டி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அதை எழுத உட்காரும்போது பெரும்பாலோர் செய்வது யாது? ஜனவரியில் தண்ணீர்த் தொட்டி, பிப்ரவரியில் மின்சாரம், மார்ச்சில் மொட்டைமாடி என்று திங்களுக்கு ஒன்றாகப் பங்கிட்டு விடுகிறார்கள். தாளில் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். மழையும் வெயிலும் அந்தப் பங்கீட்டை அறியமாட்டா.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தை அடுத்த தெரு ஒன்றில், நான்கு மாடிகளும் பன்னிரண்டு வீடுகளும் கொண்ட கட்டடத்தில் நான் குடியிருக்கிறேன். பாதி வீடுகளில் உரிமையாளர்கள். மீதியில் நம்மைப் போன்ற மாணவர்கள். அனைவர்க்கும் பொதுவாக உள்ளவை தரைக்கடியில் 15,000 லிட்டர்த் தொட்டி, மாடியில் 4,000 லிட்டர் கொண்ட இரண்டு தொட்டிகள், இரண்டு பம்புகள், ஒரு லிப்ட், ஒரு பொது மின்பலகை, ஏறத்தாழ 200 சதுர மீட்டர் மொட்டைமாடி. கட்டடப் பொறியியல் பயின்றவன் என்பதால் ஆண்டு நாட்காட்டி எழுதும் பணி என்னிடம் வந்தது. அதை எழுதிய முறையை இங்கே கூறுகிறேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டில் ஒரு சோதனைக் காலம் உண்டு. மாடிக்கு மழை, மின்பலகைக்குக் கோடை, தொட்டிக்கும் கோடை. அந்தக் காலத்தை முதலில் குறித்துக்கொண்டு, பழுதுபார்க்கும் நாளை அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஆனால் பார்வையிடும் நாள் வேறு. பொருள் துன்பப்படும் வேளையிலேயே அதைச் சென்று பார்க்க வேண்டும். பழுதுபார்ப்பதையும் பார்வையிடுவதையும் ஒரே கட்டத்தில் எழுதுவதால்தான் பல நாட்காட்டிகள் பயனற்றுப் போகின்றன.

மொட்டைமாடியை எடுத்துக்கொள்வோம். தில்லிக்குத் தென்மேற்குப் பருவமழை வந்து சேரும் இயல்பான நாள் ஜூன் 27; விலகும் நாள் செப்டம்பர் 25. சென்னையிலோ பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஆதலால் ஊரில் நம் பெற்றோர் பின்பற்றும் முறையை இங்கே அப்படியே கொண்டுவருதல் இயலாது. அங்கே மாடியில் கைவைக்கக் கூடாத அக்டோபர்தான் இங்கே மாடி வேலைக்கு ஏற்ற திங்கள்.

மழைக்கு முன்னர் மே மாதத்தில் செய்தால் என்ன என்று கேட்கலாம். கட்டட உரிமையாளர் பலரும் அப்படித்தான் செய்கின்றனர். மே மாதத் தில்லியில் வெயில் 45 பாகையைத் தொடும் நாட்கள் உண்டு. கூடவே 'லூ' என்னும் அனற்காற்று. புதிதாகப் பூசிய சிமெண்டுக் கலவை ஈரத்தை இழந்து இறுகும் முன்னரே வெடித்துவிடும். ஏழு நாளாவது நீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும். அந்த நீரும் மே மாதத்தில் கிடைப்பது அரிது. குடிக்கவே லாரித் தண்ணீர் எதிர்பார்க்கும் தெருவில் மாடிக்கு நீர் ஊற்ற யார் ஒப்புவார்? எல்லாவற்றுக்கும் மேலாக, மே மாதத்தில் மாடி காய்ந்து கிடக்கும். எங்கே ஒழுகுகிறது என்று அப்போது கண்டறிய வழியில்லை.

ஆகவே எங்கள் மாடிக்கு ஆண்டு தொடங்குவது ஆகஸ்டில். அந்தத் திங்களில் பெருமழை பெய்யும் நாளில் ஒருமுறையும், மழை ஓய்ந்த மறுநாள் ஒருமுறையும் மேல்தள வீடுகள் மூன்றிலும் சென்று கூரையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது என்று நாட்காட்டியில் எழுதினேன். என் அறையில் தங்கியுள்ள இளைய மாணவர் இதைப் படித்துவிட்டு, "அண்ணா, மழை பெய்யும்போது போய் என்ன பயன்? அப்போது பூச முடியாதே!" என்றார்.

"பூசுவதற்குப் போகவில்லை தம்பி, பென்சிலால் கோடு போடப் போகிறோம்" என்றேன்.

ஈரம் படர்ந்த இடத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு, அருகில் நாளும் மணியும் எழுத வேண்டும். மறுநாள் கோட்டைத் தாண்டி ஈரம் பரந்திருக்கிறதா, உள்ளே சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தால் நோய் ஓரளவு விளங்கிவிடும். மழை தொடங்கிய ஒரு மணி நேரத்திற்குள் சுவர் மூலையில் ஈரம் தோன்றினால், மாடி நீர் குழாய்க்குள் இறங்கும் வாயில் விரிசல் இருக்கக்கூடும். மழை நின்று ஒரு நாள் கழித்து ஈரம் தோன்றி, நான்கைந்து நாட்கள் விலகாமல் இருந்தால், ஓட்டுக்கு அடியிலுள்ள அடுக்கில் நீர் தங்கி மெல்லக் கசிகிறது என்று கொள்ளலாம். மழையோடு தொடர்பின்றி என்றும் ஈரமாகவே இருந்தால், மாடியைக் குறை சொல்லுமுன் அருகில் ஓடும் தண்ணீர்க் குழாயையும் மேலுள்ள தொட்டியையும் ஐயுற வேண்டும். இந்த மூன்றையும் வேறுபடுத்தாமல் மாடி முழுதும் பூச்சுப் பூசுபவர்கள் பணத்தையும் பூசிவிடுகிறார்கள்.

சென்ற ஆகஸ்டில் எங்கள் கட்டடத்தில் கண்டது முதல் வகை. தில்லிக் கொத்தனார்கள் நீர் இறங்கும் வாயைக் 'குர்ரா' என்றும், தளமும் கைப்பிடிச் சுவரும் கூடும் இடத்தில் உருட்டிப் பூசும் பட்டையைக் 'கோலா' என்றும் சொல்வர். இந்த இரு சொற்களையும் அறிந்துகொண்டால் பேரம் பேசுவதும் வேலையை மேற்பார்ப்பதும் எளிது. வடமேற்கு மூலைக் குர்ராவைச் சுற்றிக் கோலா பிளந்திருந்தது. பிளவில் அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. அரசை மேலே வெட்டினால் போதாது. வேர் உள்ளே இருக்கும்வரை மறுபடியும் துளிர்த்துப் பிளவைப் பெரிதாக்கும். பூச்சைச் சுரண்டி வேரோடு எடுத்த பின்னரே புதுக்கலவை வைக்க வேண்டும். அந்தக் கலவையும் தளத்தோடு நின்றுவிடாமல் சுவரில் ஒரு சாண் உயரமாவது ஏற வேண்டும்.

இனி நாட்களைப் பின்னோக்கி எண்ணுவோம். முடிவு நாள் எங்கள் ஊரில் தீபாவளி. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கொத்தனார்களுள் பலர் பீகாரையும் கிழக்கு உத்தரப்பிரதேசத்தையும் சேர்ந்தவர்கள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வரும் சட் பூசைக்காக ஊர் சென்றுவிடுவர். மற்றொன்று புகை. தில்லியில் காற்று மிகக் கெட்டுப்போகும் நாட்களில் கட்டட வேலைகளை நிறுத்திவைக்கும் படிநிலைத் திட்டம் 2017 முதல் நடப்பில் உள்ளது. அக்டோபர் இறுதிக்குப் பின் எந்த நாளில் தடை வரும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. எனவே தளத்தில் நீர் தேக்கிச் சோதிக்கும் வேலை அக்டோபர் 18க்குள் முடிய வேண்டும் என்று வைத்தேன். சோதனைக்கு மூன்று நாள்; அதற்கு முன் ஈரம் காக்க ஏழு நாள்; வேலைக்கு ஐந்து நாள். ஆக, அக்டோபர் 3 அன்று கொத்தனார் வர வேண்டும். மழை விலகும் இயல்பான நாளிலிருந்து தளம் காய்வதற்கு ஒரு வாரம் கிடைக்கிறது. பொதுக்கூட்டம் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. விலைப்புள்ளிகள் அதற்கு ஒரு வாரம் முன்பு. ஆகஸ்டுப் பென்சில் கோடுகள் இல்லாமல் விலைப்புள்ளி கேட்பது எப்படி? இவ்வாறு எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. 2025இல் தீபாவளி அக்டோபர் 20 அன்றே வந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் இரண்டே நாள்தான் மிச்சம்.

நீர் தேக்கும் சோதனை எளியது. குர்ராக்களைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, இரண்டு விரற்கடை உயரம் நீர் நிறுத்தி, மூன்று நாள் கீழே இருந்து கவனிக்க வேண்டும். சோதனை முடிந்ததும் அடைப்புகளை எடுத்தாயிற்று என்று ஒருவர் கையொப்பமிட வேண்டும். இது வேடிக்கையன்று. 200 சதுர மீட்டர் தளத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர், அதாவது பத்து டன் நீர் சேரும். அது இறங்க வழியின்றி நின்றால் சுமையும் கூரைக்கே, கசிவும் கூரைக்கே.

மழைக்கு முன் மாடியில் செய்ய வேண்டியது கூட்டிப் பெருக்குவது மட்டுமே. ஆனால் அதை இரண்டு முறை செய்ய வேண்டும். இங்குள்ள வேம்பும் அரசும் மாசி, பங்குனித் திங்களில் இலை உதிர்க்கும். ஏப்ரலில் ஒருமுறை அள்ளிவிடலாம். பின்னர் மே, ஜூனில் 'ஆந்தி' எனப்படும் புழுதிப்புயல் சுள்ளியும் மணலும் பாலித்தீன் பைகளும் கொண்டுவந்து கொட்டும். ஆகவே ஜூன் 20 அன்று இன்னொரு முறை. அன்று ஒவ்வொரு குர்ராவிலும் ஒரு வாளி நீர் ஊற்றி, கீழே குழாய் முனையில் அது முழுதாக வெளிவருகிறதா என்று பார்த்தல் நன்று.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. ஆண்டுக்கு இருமுறை கழுவுதல் வழக்கம். எங்கள் நாட்காட்டியில் அவை மார்ச் நடுவிலும் அக்டோபர் இறுதியிலும் வருகின்றன. தொட்டியைக் காலிசெய்தால் உள்ள நீர் வீணாகும். தட்டுப்பாடு தொடங்கும் ஏப்ரலுக்குப் பின் அதைச் செய்ய மனம் வராது, தள்ளிப்போடுவோம். மார்ச்சில் மனத்தடை இல்லை. ஹோலிக்கு முன்னாளும் பின்னாளும் மட்டும் விலக்கு. அந்த இரண்டு நாளும் இந்தத் தெருவில் நீர் எவ்வளவு செலவாகும் என்பதை ஓராண்டு இங்கே இருந்தவர் அறிவர். அக்டோபர்க் கழுவலுக்குக் காரணம் வேறு: மழைக்காலத்தில் தெருநீர் தரைத்தொட்டி மூடியின் வழியே உள்ளே கசிந்திருக்கக்கூடும்.

முதல்நாள் மாலை உள்வரும் குழாயை மூடிவிட்டு, இருக்கும் நீரைப் பயன்படுத்தியே தீர்த்துவிட்டால் வீணாவது அடிமண்டி மட்டுமே. மாடித்தொட்டி இரண்டாக இருப்பது பெரிய வசதி. ஒன்று மருந்தில் ஊறும்போது மற்றது வீடுகளுக்குப் போகும். தேய்த்துக் கழுவிய பின் தொட்டியை நிரப்பி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் இருக்குமாறு பிளீச்சிங் பவுடர் கலந்து 24 மணி நேரம் விட வேண்டும். 4,000 லிட்டருக்கு 200 கிராம் குளோரின். கடையில் வாங்கும் பவுடரில் நூற்றுக்கு 25 பங்கு குளோரின் உண்டென்று கொண்டால் 800 கிராம் பவுடர் தேவை. திறந்துவைத்த பழைய பவுடர் வலிமை இழந்திருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்குதல் வேண்டும். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்த பின், தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுக. மறுநாள் அந்நீரை வெளியேற்றிப் புதுநீர் நிரப்பிய பின்னரே குடிக்கத் திறக்கலாம். கறை போவதற்காக ஆசிட் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பவுடரும் ஆசிட்டும் கூடினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் இருப்பவர் அதிலிருந்து தப்புவது கடினம்.

தரைத்தொட்டியைப் பற்றித் தனியே ஒரு பக்கம் எழுதி நாட்காட்டியோடு தைத்திருக்கிறேன். நீண்ட நாள் மூடிக் கிடந்த தொட்டிக்குள் மூச்சுக்கு ஏற்ற காற்றுக் குறைந்திருக்கும். இறங்குமுன் பல மணி நேரம் மூடிகளை எல்லாம் திறந்துவைத்து, மின்விசிறியால் உள்ளே காற்றைச் செலுத்த வேண்டும். திறந்த மூடியருகே குழந்தைகள் வராமல் ஒருவர் நிற்க வேண்டும். மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பார்கள். அது அணைந்தால் காற்றில்லை என்று தெரியும். அணையாவிட்டால் நஞ்சில்லை என்று பொருளாகாது. மண்டியை இறைக்கப் பெட்ரோல் எஞ்சின் பம்பை உள்ளே இறக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. இறங்குபவர் இடுப்பில் கயிறு இருத்தல் வேண்டும். மறுமுனையைப் பிடித்தவர் அவர் மயங்கினால் இழுக்க வேண்டுமேயன்றித் தாமும் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காக்க இறங்கிய இரண்டாமவரும் மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கழிவுநீர்க் குழியிலோ எவரையும் இறக்குவதற்கே இடமில்லை. பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சாக்கடையும் மலக்குழியும் துப்புரவு செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. அந்த வேலைக்கு உறிஞ்சும் வண்டியை அழைப்பது என்றே எங்கள் நாட்காட்டியில் உள்ளது.

பம்புக்கு நாளைக் காட்டிலும் எண் முக்கியம். மாதத்தின் முதல் ஞாயிறன்று, தரைத்தொட்டி நிறைந்திருக்கும்போது, மாடித்தொட்டிகள் இரண்டும் அடியிலிருந்து நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுகிறோம். நல்ல நிலையில் 8,000 லிட்டருக்கு 50 நிமிடம். சென்ற ஜனவரியில் முதல் பம்புக்கு அது 58 ஆயிற்று, பிப்ரவரியில் 66. இரண்டாம் பம்பு 51இலேயே நின்றது. ஆகவே மேலே செல்லும் பொதுக்குழாயில் குற்றமில்லை, முதல் பம்பிலோ அதன் உறிஞ்சுகுழாயிலோதான் குற்றம் என்பது கருவி எதுவும் இன்றியே தெரிந்துவிட்டது. பம்பை நிறுத்தி மீண்டும் போட்டால் உடனே நீர் ஏறியது. எனவே அடி வால்வு நீரைப் பிடித்துவைக்கிறது. எஞ்சியது உறிஞ்சுகுழாயின் முனையிலுள்ள வலை. எடுத்துப் பார்த்தபோது பாசியும் தேங்காய் நாரும் அடைத்திருந்தன. கழுவி மாட்டியதும் 51 நிமிடம். வலை சுத்தமாக இருந்திருந்தால் உள்ளிருக்கும் சுழல்சக்கரம் தேய்ந்ததென்று கொண்டு மெக்கானிக்கை அழைத்திருப்போம். இரண்டு பம்புகளையும் வாரம் மாற்றி வாரம் ஓட்டாவிட்டால் இந்த ஒப்பீடு கிட்டாது. ஓடாத பம்பு இறுகிப்போய் வேண்டிய நாளில் சுழல மறுக்கும்.

மின்பலகையில் இறுக்கம் தளர்ந்த இணைப்புகளே பெரும்பகை. ஓர் இணைப்பில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 ஆம்பியர் ஓடும் கம்பியில் 60 ஓடினால் வெப்பம் மூன்று மடங்கன்று, ஒன்பது மடங்கு. அதனால்தான் பிப்ரவரியில் அமைதியாக இருந்த பலகை, ஏ.சி.க்கள் ஓடத் தொடங்கியதும் கருகுகிறது. மார்ச் இறுதியில் மின்வாரிய இணைப்பை நிறுத்தி உரிமம் பெற்ற மின்பணியாளர் திருகுகளை இறுக்குவது என்றும், கீசர்கள் தொடங்கும் நவம்பருக்கு முன் மறுமுறை என்றும் வைத்தேன். எர்த் குழியின் தடையை அளப்பது மட்டும் ஜூன் தொடக்கத்தில். மண் ஈரமாக இருக்கும் ஆகஸ்டில் அளந்தால் எண் நன்றாகத்தான் வரும். நாம் அறிய வேண்டியது மண் வறண்ட நாளின் எண்ணை.

லிப்டைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. மாதந்தோறும் ஒப்பந்த நிறுவனத்தார் வந்து பார்க்கிறார்கள். அவர் வந்ததும் எதைத் தொட்டார் என்பதும் பதியப்பட வேண்டும். நாமாகச் செய்வது இரண்டு. மழைத் திங்கள்களில் லிப்டின் அடிக்குழியில் நீர் நிற்கிறதா என்று அவரையே திறந்து காட்டச் சொல்வது ஒன்று. மூன்று திங்களுக்கு ஒருமுறை, அவர் முன்னிலையில், ஆளில்லாத லிப்ட் ஓடும்போது மின்சாரத்தை நிறுத்தி, பாட்டரி அதை அடுத்த மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று. தீயணைப்புக் குடுவைகளின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறோம். தீபாவளிக்கு முந்தின வாரம் மாடியிலுள்ள காய்ந்த சருகையும் பழைய மெத்தைகளையும் அகற்றுவது தனி வரி.

நாட்காட்டி பணத்தோடும் பொருந்த வேண்டும். வீட்டுக்கு மாதம் 2,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு வீடுகளிலிருந்து 24,000 வருகிறது. துப்புரவு, பொது மின்கட்டணம், லிப்ட் ஒப்பந்தம் போக 5,000 மிஞ்சும். எங்கள் கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது. செப்டம்பர் முடிய 30,000 சேரும். கோடைச் செலவு 6,000 போனால் 24,000. அக்டோபர் மாடி வேலைக்கு 40,000 மதிப்பிட்டிருந்தோம். ஆகவே மார்ச் 31 அன்று கையிருப்பு 16,000க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். இதை எழுதிக் காட்டிய பின்னர்தான், மார்ச்சில் நுழைவாயிலுக்கு வண்ணம் பூசும் யோசனையை உரிமையாளர்கள் நவம்பருக்குத் தள்ளிவைத்தனர். நவம்பரிலும் புகைத்தடை வரலாம் என்பதால் அது பிப்ரவரிக்குப் போகக்கூடும்; வாயிலுக்கு அவசரமில்லை.

ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டங்கள் உள்ளன: நாள், வேலை, பொறுப்பாளர், மாற்றுப் பொறுப்பாளர், கண்டது. மாற்றுப் பொறுப்பாளர் மாணவர்களுக்காக வைத்தது. மே நடுவிலிருந்து ஜூலை வரை நம்மில் பலர் ஊரில் இருப்போம். ஜூன் 20 மாடி வேலையை மாணவர் பெயரில் எழுதினால் அது நடவாது. அதை உரிமையாளர் ஒருவருக்குக் கொடுத்து, ஆகஸ்டுப் பென்சிலை மாணவர்களுக்குக் கொடுத்தோம். கண்டது என்னும் கட்டத்தில் "சரி" என்று எழுதுவதை ஏற்பதில்லை. நிமிடம், ஆம்பியர், ஈரத்தின் அளவு என ஏதேனும் ஓர் எண்ணோ, "நீர் இல்லை" என்பது போன்ற ஒரு செய்தியோ இருக்க வேண்டும். ஏடு படிக்கட்டின் அடியில் மீட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்குகிறது. பென்சிலும் அதே நூலில்.